ஜெனரேட்டர் சுருள்: இடக்கையா வலக்கையா? பாயம் சுழியானால் மின்னியக்கு விசை எப்படி உச்சம்?

கயல்_12

ஒரே கேள்வியில் இரண்டு பகுதி. இரண்டிலும் என் விடை விடைக்குறிப்புக்கு நேர் எதிராக வந்திருக்கிறது. சரியான விடை எது என்று தெரியும், நான் எங்கே வழுக்கினேன் என்பதுதான் தெரியவில்லை.

படத்தை வார்த்தையில் சொல்கிறேன். இடப்பக்கம் காந்தத்தின் வட துருவம், வலப்பக்கம் தென் துருவம். நடுவில் ஒரு செவ்வகக் கம்பிச்சுருள். அதன் அச்சு நம் கண்ணிலிருந்து நேராக உள்ளே போகிறது. நாம் முன்னால் நின்று பார்க்கும்போது சுருள் கடிகார முள் போகும் திசையில் சுழல்கிறது. கேள்வியில் கேட்ட கணத்தில் சுருள் மேசைப் பலகை மாதிரி படுத்திருக்கிறது.

முதல் பகுதி, இடப்பக்கக் கம்பியில் மின்னோட்டம் எந்தப் பக்கம் போகும் என்பது. அந்தக் கம்பி அந்தக் கணத்தில் மேலே ஏறுகிறது, அதனால் பெருவிரலை மேலே வைத்தேன். புலம் வட துருவத்திலிருந்து தென் துருவத்துக்கு, அதனால் சுட்டுவிரல் வலப்பக்கம். நடுவிரல் என்னைப் பார்த்து நின்றது. ஆகவே மின்னோட்டம் என்னை நோக்கி வருகிறது என்று எழுதினேன். விடைக்குறிப்போ உள்ளே போகிறது என்கிறது.

இரண்டாவது, அந்த நிலையில் மின்னியக்கு விசை எவ்வளவு என்பது. சுருள் புலத்துக்கு இணையாகப் படுத்திருக்கிறது, அதன் வழியே ஒரு கோடுகூட நுழையவில்லை. பாயம் சுழி, எனவே மின்னியக்கு விசையும் சுழி என்று எழுதினேன். விடைக்குறிப்பில் "பெருமம்" என்று இருக்கிறது.

விசைப்பலகை

முதல் பகுதியில் நீங்கள் சொன்னதுதான் சரி. பெருவிரல் மேலே, சுட்டுவிரல் வலப்பக்கம், நடுவிரல் நம்மைப் பார்த்து. பிளெமிங் இடக்கை விதி அப்படித்தான் காட்டும், நானும் கையை வைத்துப் பார்த்துவிட்டேன். விடைக்குறிப்பில் அச்சுப்பிழை இருக்கும். இதெல்லாம் சகஜம்.

ஞானி_ஆய்வகம்

அச்சுப்பிழை இல்லை. விசைப்பலகை சொல்வது மோட்டாருக்கான கணக்கு. கயல், நீங்கள் எந்தக் கையை எடுத்தீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் நடுவிரல் உங்களைப் பார்த்து நின்றது என்பதிலிருந்தே அது இடக்கை என்று தெரிகிறது. அதே மூன்று விரல்களை வலக்கையில் விரித்தால் நடுவிரல் உள்ளே காட்டும்.

மோட்டாருக்கு இடம், ஜெனரேட்டருக்கு வலம் என்று மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் மாறிப்போகும். முப்பது வருடம் செய்முறை வகுப்பு எடுத்தவன் சொல்கிறேன், மாறாத ஆண்டே இல்லை. அதனால் எந்தக் கை என்பதை மறந்துவிட்டு, கிடைத்த விடையைச் சோதிக்கிற ஒரு வழியைச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்னபடியே மின்னோட்டம் உங்களை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் பாயும் கம்பி காந்தப்புலத்துக்குள் இருக்கிறது, ஆகவே அதன்மேல் ஒரு விசை வரும். இந்த விசைக்குத்தான் இடக்கை. சுட்டுவிரல் வலப்பக்கம், நடுவிரல் உங்களை நோக்கி. பெருவிரல் எங்கே நிற்கிறது பாருங்கள். மேலே. கம்பி ஏற்கெனவே மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது. அப்படியானால் நீங்கள் லேசாகச் சுற்றிவிட்டதும் மின்னோட்டம் வந்து, அது கம்பியை இன்னும் மேலே தள்ளி, வேகம் கூடி, அதனால் மின்னோட்டமும் கூடி, யாரும் தொடாமலே சுருள் வெறிபிடித்துச் சுழலும். விளக்கும் எரியும், கையும் வலிக்காது.

அப்படி ஒரு இயந்திரம் கிடையாது. எனவே மின்னோட்டம் உள்ளேதான் போக வேண்டும். உள்ளே போனால் அதே இடக்கை விதிப்படி விசை கீழ்நோக்கி வரும், ஏறுகிற கம்பியைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்புக்கு எதிராக நீங்கள் செய்யும் வேலைதான் விளக்கில் வெளிச்சமாக வருகிறது. 1834-ல் லென்ஸ் சொன்ன விதியின் சாரம் இதுதான். இடப்பக்கத்தில் உள்ளே போனது வலப்பக்கக் கம்பியில் உங்களை நோக்கித் திரும்பி வரும், ஏனென்றால் அந்தக் கம்பி கீழே இறங்குகிறது.

கயல்_12

ஆமாம் சார், இடக்கைதான். வலக்கையில் பேனா இருந்தது! சிரிக்காதீர்கள்.

வலக்கையில் செய்தால் உள்ளே காட்டுகிறது, சரி. ஆனால் இரண்டு விதியிலும் பெருவிரல்தானே? ஒன்றில் அது கம்பி போகும் திசை, இன்னொன்றில் விசையின் திசை. இரண்டும் ஒன்றில்லையா? தள்ளுகிற பக்கம்தானே எதுவும் போகும்?

ஞானி_ஆய்வகம்

மோட்டாரில் ஒன்றுதான், ஏனென்றால் தள்ளுவது காந்த விசை. ஜெனரேட்டரில் தள்ளுவது உங்கள் கை. காந்த விசை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. பெருவிரலில் நீங்கள் வைக்க வேண்டியது "யாரோ அந்தக் கம்பியை எந்தப் பக்கம் நகர்த்துகிறார்கள்" என்பதை. காந்தம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை அங்கே வைத்தால் குழப்பம்தான்.

இரண்டு கையும் இரண்டு இயற்கை விதி இல்லை. மின்னூட்டம் நகர்ந்தால் அதன்மேல் புலம் ஒரு விசையைப் போடுகிறது, `F = q v × B`, அவ்வளவுதான் இயற்கைக்குத் தெரிந்தது. கம்பியோடு சேர்ந்து மேலே போகிற மின்னூட்டத்துக்கு அந்த விசை கம்பியின் நீளவாக்கில் வருகிறது, அது மின்னோட்டம் ஆகிறது. அப்புறம் அந்த மின்னோட்டமாகக் கம்பியின் நீளவாக்கில் ஓடுகிற அதே மின்னூட்டத்துக்கு விசை குறுக்காக வருகிறது, அதுதான் பிடித்து இழுக்கிறது. ஒரே விதி இரண்டு முறை வேலை செய்கிறது.

வைண்டிங்_வேலன்

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நான் மோட்டார் ரீவைண்டிங் செய்பவன். இருபது வருடத்தில் ஒரு நாளும் விரலை விரித்துப் பார்த்ததில்லை. ஆனால் ஞானி சார் சொன்ன இழுப்பைத் தினமும் கையில் உணர்கிறேன்.

பொம்மையில் வரும் சின்ன டிசி மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி வேண்டாம். இரண்டு முனையும் திறந்திருக்க, தண்டை விரலால் சுழற்றுங்கள். காந்தம் கவ்வி விடுவதால் கொஞ்சம் விட்டுவிட்டு நகரும், ஆனால் இலகுவாகச் சுற்றும். இப்போது இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு மறுபடி சுழற்றுங்கள். தேனுக்குள் சுற்றுவது போல இருக்கும். இணைப்பை எடுத்தால் மறுபடி இலகு. உள்ளே எதையும் மாற்றவில்லை, மின்னோட்டத்துக்கு வழி விட்டோம், அவ்வளவுதான். பழைய மோட்டார் ஒன்று வெறும் கையில் சுற்றும்போதே இப்படிக் கனமாக இருந்தால், உள்ளே சுருள் எங்கோ ஷார்ட் ஆகியிருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். பேரிங் கோளாறாகவும் இருக்கலாம், ஆனால் பேரிங் மெதுவாகச் சுற்றினாலும் உரசும். ஷார்ட் ஆன சுருள் வேகமாகச் சுற்றினால்தான் அதிகம் இழுக்கும்.

விசைப்பலகை

நான் மோட்டார் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். இரண்டாவது பகுதிக்கு என் விளக்கம். கம்பி கோடுகளை வெட்டினால்தான் மின்னியக்கு விசை. படுத்திருக்கும் நிலையில் கம்பிகள் துருவங்களுக்கு மிக அருகில் இருக்கின்றன. துருவத்துக்கு அருகே கோடுகள் நெருக்கம். நெருக்கமான கோடுகளை வெட்டுவதால் பெருமம். நிமிர்ந்த நிலையில் கம்பிகள் துருவங்களை விட்டு விலகிவிடுகின்றன, அதனால் குறைவு.

ஞானி_ஆய்வகம்

முதல் வாக்கியம் சரி. அதன் பிறகு வழி மாறிவிட்டது. புலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தாலும், கோடுகள் எங்கேயும் நெருங்கவோ விலகவோ செய்யாவிட்டாலும், படுத்த நிலையில்தான் உச்சம் வரும். கேள்வியிலும் சீரான புலம் என்றுதான் இருந்திருக்கும்.

காரணம் கம்பி போகும் திசை. படுத்த நிலையில் இடப்பக்கக் கம்பி நேராக மேலே போகிறது, கோடுகள் இடமிருந்து வலம். செங்குத்தாகக் குறுக்கே வெட்டுகிறது. கால் சுற்று சுற்றிச் சுருள் நிமிர்ந்ததும் அதே கம்பி உச்சியில் இருக்கிறது, அந்தக் கணத்தில் அது வலப்பக்கமாகப் போகிறது. கோடுகளும் வலப்பக்கம்தான். கோட்டோடு கோடாக வழுக்கிக்கொண்டு போகிறதே தவிர எதையும் வெட்டவில்லை. வேகம் அதேதான், வெட்டுதான் இல்லை.

கயல்_12

வெட்டுவது என்று சொன்னால் புரிகிற மாதிரி இருக்கிறது. ஆனால் பாடத்தில் பாயம் மாறும் வீதம் என்றுதானே சொல்கிறார்கள்? பாயமே இல்லாத இடத்தில் அது எப்படி அதிகமாக மாறும்? இதுதான் என் மண்டையில் ஏறவில்லை.

நிலாமுகில்

கயல், நானும் போன வருடம் இதே இடத்தில் மாட்டினேன். எனக்குப் புரிந்தது எண்களைப் போட்டுப் பார்த்த பிறகுதான், அதனால் அப்படியே தருகிறேன்.

சுருள் 5 செ.மீ.க்கு 4 செ.மீ., பரப்பு 0.002 சதுர மீட்டர். 100 சுற்று. புலம் 0.1 டெஸ்லா. வினாடிக்கு 10 முறை சுழல்கிறது. நிமிர்ந்த நிலையில் ஒரு சுற்றின் வழியே போகும் பாயம் 0.1 × 0.002, அதாவது 0.0002 வெபர். இது பெருமம். அங்கிருந்து கோணம் கூடக்கூட பாயம் கொசைன் போலக் குறையும்.

இப்போது நிமிர்ந்த நிலையிலிருந்து முதல் 10 டிகிரி மட்டும் பாருங்கள். cos 10° என்பது 0.985. பாயம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான் குறைந்திருக்கிறது. அடுத்து, படுக்கப் போகும் கடைசி 10 டிகிரி, 80-லிருந்து 90 வரை. cos 80° என்பது 0.174, cos 90° என்பது 0. அதே 10 டிகிரியில் பாயத்தின் பெருமத்தில் நூற்றுக்குப் பதினேழரைப் பங்கு காணாமல் போகிறது.

இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றுதான், ஏறக்குறைய 2.8 மில்லி வினாடி. நூறு சுற்றுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் முதல் துண்டில் சராசரி 0.11 வோல்ட், கடைசித் துண்டில் 1.25 வோல்ட். பாயம் நிறைய இருந்த இடத்தில் கொஞ்சம், இல்லாமல் போகிற இடத்தில் பதினோரு மடங்கு.

`E = N B A ω` என்று போட்டால் உச்சம் 100 × 0.1 × 0.002 × 62.8, அதாவது 1.26 வோல்ட். மேலே வந்த 1.25-க்குப் பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

இன்னொன்று, இது எனக்கு யாரும் சொல்லாதது. படுத்த நிலையில் பாயம் பூஜ்ஜியம் என்றாலும் அது அங்கே நிற்பதில்லை, கடந்து போகிறது. ஒரு கணம் முன்பு கோடுகள் சுருளின் ஒரு முகத்தில் நுழைந்தன, ஒரு கணம் கழித்து மறு முகத்தில் நுழைகின்றன. ஊஞ்சல் நடுவில் வரும்போது அதன் இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம், ஆனால் அங்கேதான் அது மிக வேகமாகப் போகும். நுனியில் போய் ஒரு கணம் நிற்கும். பாயமும் அப்படித்தான், பெருமத்தில் ஒரு கணம் நின்று திரும்புகிறது.

கயல்_12

ஊஞ்சல்! சரி, இப்போது பிடிபட்டது. 45 டிகிரியில் என்ன வரும் என்று நானே போட்டுப் பார்த்தேன், 0.89 வோல்ட் வந்தது. சரிதானே அக்கா?

நிலாமுகில்

சரி. உச்சத்தை 1.414-ஆல் வகுத்தாலும் அதே 0.89 வரும். ஏசி மீட்டர் காட்டுவதும் அந்த எண்ணைத்தான். இரண்டும் ஒன்றாக அமைந்தது ஒரு தற்செயல் மாதிரி தெரியும், ஆனால் அதற்குள் போனால் இழை திசைமாறிவிடும்.

சுந்தர்_செய்துபார்

மன்னிக்கவும், இந்த இழையிலேயே என் கதையையும் கேட்டுவிடுகிறேன், ஜெனரேட்டர் சம்பந்தப்பட்டதுதான். நானாக ஒன்று செய்தேன். அட்டைக் கூட்டில் 300 சுற்று எனாமல் கம்பி. ஒரு சின்ன டிசி மோட்டாரின் தண்டில் வட்டமான வலுவான காந்தத்தை ஒட்டி, சுருளுக்கு எதிரே 3 செ.மீ. தள்ளிச் சுழலவிட்டேன். நிமிடத்துக்கு 3000 சுற்று இருக்கும். சுருளில் சிவப்பு எல்இடி. எரியவில்லை. மல்டிமீட்டரை ஏசி 200 வோல்ட்டில் வைத்தால் 0.0.

எனாமலைச் சுரண்டவில்லையா என்று கேட்காதீர்கள், சுரண்டிவிட்டேன். ஓம் அளவில் வைத்தால் 31 ஓம் காட்டுகிறது. காந்தம் வலுவானது, ஆணியை இரண்டு விரல் தூரத்திலேயே இழுக்கிறது. மேலே சொன்ன சூத்திரத்தில் N அதிகம், ω அதிகம், B அதிகம். பிறகு ஏன் வரவில்லை? சுற்றை ஆயிரமாக்கட்டுமா?

விசைப்பலகை

மீட்டர் அளவு தப்பு. 200 வோல்ட் அளவில் 0.1 வோல்ட்டுக்குக் குறைவானது தெரியாது. குறைந்த அளவில் வையுங்கள். வேகத்தையும் கூட்டிப் பாருங்கள், காந்தம் சுழலச் சுழல கோடுகளும் சேர்ந்து சுழன்று கம்பியை வெட்டும். வேகம் போதாமல் இருக்கலாம்.

வைண்டிங்_வேலன்

31 ஓம் காட்டுகிறது என்றால் சுருளில் துண்டிப்பு இல்லை. கம்பி நல்ல கம்பிதான். சுற்றுகளுக்குள்ளே ஷார்ட் இருந்தாலும் ஓம் குறைவாகக் காட்டுமே தவிர வோல்ட்டேஜ் மொத்தமாகப் போகாது. எனக்குக் காந்தத்தின் மேல்தான் சந்தேகம். அதைத் தண்டில் எப்படி ஒட்டினீர்கள்? தட்டையான முகம் தண்டின் நுனியில் பட, சாணைக்கல் மாதிரியா? இல்லை, விளிம்பு தண்டில் பட, நிற்கிற நாணயம் மாதிரியா?

சுந்தர்_செய்துபார்

சாணைக்கல் மாதிரிதான். அதில்தானே ஆட்டமில்லாமல் நேராகச் சுழலும்?

ஞானி_ஆய்வகம்

வேலன் சரியாகப் பிடித்தார். இத்தகைய வட்டக் காந்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு தட்டை முகம் வட துருவம், மறு தட்டை முகம் தென் துருவம். சாணைக்கல் போலச் சுழற்றினால் சுருளைப் பார்க்கும் முகம் எப்போதும் ஒரே முகம்தான். ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலும் புலம் அப்படியே இருக்கிறது. சுருளின் வழியே போகும் பாயம் நிறைய இருக்கலாம், ஆனால் மாறவே இல்லை. கயலின் கேள்விக்கு இது மறுபக்கம். அங்கே பாயம் இல்லாத இடத்தில் மின்னியக்கு விசை உச்சம், இங்கே பாயம் இருந்தும் மின்னியக்கு விசை பூஜ்ஜியம். ஆயிரம் சுற்று போட்டாலும் பூஜ்ஜியத்தை ஆயிரத்தால்தான் பெருக்குகிறீர்கள்.

மீட்டரும் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்கலாம். சுருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு திசைகாட்டியை வைத்து, தண்டைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஊசி அசையவில்லை என்றால் சுருளுக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஊசி முழுதாகத் திரும்பி எதிர்ப்பக்கம் காட்டினால்தான் உங்களுக்கு வேலை நடக்கும். திசைகாட்டியைக் காந்தத்துக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஊசியின் துருவமே மாறிவிடும்.

காந்தத்தைச் சுண்டிவிட்ட நாணயம் புரள்வது போலப் புரளும்படி ஒட்டுங்கள். விளிம்பைத் தண்டில் வைத்து, மேலே நாலு சுற்று டேப் இறுக்கமாக. 3000 சுற்றில் பசை விட்டால் காந்தம் தோட்டா மாதிரி பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தண்டு எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்குக் குறுக்காகச் சுருளின் வாய் பார்க்கட்டும். தண்டின் நேர் எதிரே வைத்தால் புரள்கிற காந்தத்திலும் உங்களுக்குப் பெரிதாக எதுவும் வராது.

விசைப்பலகை

ஒரு நிமிடம். சாணைக்கல் போலச் சுழன்றாலும் காந்தம் சுழல்கிறது, அதோடு ஒட்டிய கோடுகளும் சுழலத்தானே வேண்டும்? சுழலும் கோடு நிற்கிற கம்பியை வெட்டுமே? வெட்டினால் வோல்ட்டேஜ் வர வேண்டுமே? மேலே நீங்களே வெட்டினால்தான் வரும் என்றீர்கள்.

நிலாமுகில்

நல்ல கேள்வி. கோடு சுழல்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் மூடிய சுருளில் எதுவும் வராது. சுருளின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடு உள்ளே வருகிறதோ அத்தனை கோடு மறுபக்கமாக வெளியேறுகிறது. இரண்டு பக்கமும் வெட்டுகிற கணக்கு ஒன்றையொன்று அடித்துவிடும். பாயம் மாறவில்லை என்பதும் அதையேதான் சொல்கிறது.

ஞானி_ஆய்வகம்

கோடு சுழல்வதாகச் சொல்லவே எனக்கு மனமில்லை. கோடு என்பது நாம் வரைகிற படம். இரும்புத்தூள் வரிசையாக நிற்பதால் அங்கே நூல் கட்டியிருப்பதாக நினைக்கிறோம். ஒவ்வொரு இடத்திலும் புலத்துக்கு ஓர் அளவும் திசையும் உண்டு, அவ்வளவே. சாணைக்கல் போலச் சுழலும் காந்தத்தில் அந்த அளவு எங்கேயும் மாறவில்லை என்றால், சுழன்றது எது?

பாரடே 1831-ல் ஒரு செப்புத் தட்டைக் காந்தத் துருவங்களுக்கிடையில் சுழற்றி, தட்டின் அச்சிலும் விளிம்பிலும் கம்பியைத் தொடவைத்து மின்னோட்டம் எடுத்தார். காந்தத்தையும் தட்டோடு சேர்த்தே சுழலவிட்டுப் பார்த்தார். அப்போதும் மின்னோட்டம் வந்தது. கோடுகள் காந்தத்தோடு சேர்ந்து சுழன்றிருந்தால் தட்டு எதையும் வெட்டியிருக்காதே. ஆகவே கோடு சுழல்வதில்லை என்பது என் கட்சி.

நிலாமுகில்

சார், அந்தச் சோதனை அதை முடிவுகட்டாது என்று நினைக்கிறேன். தட்டைத் தொடும் வெளிக்கம்பி நிலையாக நிற்கிறது. கோடுகள் சுழல்கின்றன என்றால் அவை தட்டுக்குப் பதிலாக அந்த வெளிக்கம்பியை வெட்டும். கணக்குப் போட்டால் அதே வோல்ட்டேஜ்தான் வருகிறது. மின்சுற்றை முழுதாக மூடித்தான் அளக்கிறோம் என்றால் இரண்டு கதையும் ஒரே எண்ணைத் தரும்.

ஞானி_ஆய்வகம்

ஒரே எண்ணைத் தருகிற இரண்டு கதையில், நூல் கட்டாத கதையை நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கட்டுங்கள், தடுக்கவில்லை.

விசைப்பலகை

எனக்கு இன்னும் கோடு சுழல்வதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் மூடிய சுருளில் வராது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சுந்தர்_செய்துபார்

செய்தாகிவிட்டது. முதலில் திசைகாட்டி: பழைய ஒட்டலில் ஊசி லேசாக நடுங்கியது, அதுவும் நான் கோணலாக ஒட்டியதால் போல. விளிம்பை ஒட்டி, டேப் சுற்றி, சுருளைப் பக்கவாட்டில் அதே 3 செ.மீ.யில் வைத்தேன். கையால் சுற்றும்போதே ஊசி பம்பரம் மாதிரி சுற்றியது.

மோட்டாரை ஓடவிட்டு மீட்டரை ஏசி 20 வோல்ட்டில் வைத்தால் 1.3 காட்டியது. ஆடாமல் நின்றது. எல்இடி போட்டேன். இருட்டில்தான் தெரிகிறது, மங்கல் சிவப்பு. சிவப்புக்கு 1.8 வோல்ட்டாவது வேண்டுமே, 1.3-ல் எப்படி எரிகிறது? மீட்டர் பொய் சொல்கிறதா?

நிலாமுகில்

பொய் இல்லை. 1.3 என்பது மீட்டர் காட்டும் ஏசி அளவு. உச்சம் அதைப்போல 1.414 மடங்கு, 1.84 வோல்ட். ஒவ்வொரு சுற்றிலும் அந்த உச்சியைத் தொடும் சிறு துண்டு நேரம் மட்டும் எல்இடிக்கு மின்னோட்டம் போகிறது. எதிர் அரைச் சுற்றில் அது அணைந்தே இருக்கும். அதனால்தான் மங்கல். இன்னொரு எல்இடியைத் தலைகீழாக இணையாகப் போட்டால் அது மறு அரையில் எரியும். காந்தத்தை 2 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் நல்ல வித்தியாசம் தெரியும், இந்தத் தூரத்தில் புலம் ரொம்ப வேகமாகக் கூடும்.

வைண்டிங்_வேலன்

சுருள் முனை இரண்டையும் ஷார்ட் செய்து, மோட்டாரின் சத்தம் இறங்குகிறதா என்று கேளுங்கள்.

சுந்தர்_செய்துபார்

கேட்டேன் அண்ணா. ஒன்றும் இறங்கவில்லை. பொம்மை மோட்டாரில் நீங்கள் சொன்ன தேன் விளையாட்டு எனக்கும் வந்தது, ஆனால் இதில் துளிகூட இல்லை. லென்ஸ் லீவில் போய்விட்டாரா?

ஞானி_ஆய்வகம்

எவ்வளவு இழுக்க வேண்டும் என்று பாருங்கள். 1.3 வோல்ட், 31 ஓம். ஷார்ட் செய்தால் சுருளில் வெப்பமாகப் போவது 1.3 × 1.3 / 31, ஏறக்குறைய 0.055 வாட். அவ்வளவைத்தான் மோட்டார் கூடுதலாகத் தர வேண்டும். அந்த மோட்டார் எவ்வளவு இழுக்கிறது?

சுந்தர்_செய்துபார்

3 வோல்ட், 0.3 ஆம்பியர் சுமார்.

ஞானி_ஆய்வகம்

0.9 வாட். அதில் பதினாறில் ஒரு பங்கு சுருளுக்கு. காதுக்குத் தெரியாது. மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைத் தொடராக மீட்டர் வைத்துப் பாருங்கள், சுருளை ஷார்ட் செய்து எடுத்துச் செய்து எடுத்து. 0.3 என்பது கடைசி இலக்கத்தில் கொஞ்சம் ஏறி இறங்க வேண்டும். பேட்டரி சூடாகி மெதுவாக இறங்குவதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அதனால்தான் நாலைந்து முறை மாற்றி மாற்றிச் செய்யச் சொல்கிறேன்.

கயல்_12

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. கோடு சுழல்கிறதா இல்லையா என்பதில் நீங்கள் மூவரும் ஒத்துப்போகவில்லை. தேர்வில் அந்தத் தட்டுக் கேள்வி வந்தால் நான் என்ன எழுத?

நிலாமுகில்

கோட்டைத் தொடாதே. தட்டிலுள்ள மின்னூட்டம் நகர்கிறது, புலம் இருக்கிறது, `v × B` ஆரத்தின் வழியே தள்ளுகிறது என்று எழுது. ஞானி சாரும் அடிக்க மாட்டார், விசைப்பலகையும் அடிக்க மாட்டார்.

சுந்தர்_செய்துபார்

அளந்துவிட்டேன். திறந்திருக்கும்போது 0.29, ஷார்ட் செய்தால் 0.31. ஆறு முறை செய்தேன், ஐந்து முறை ஏறியது. ஆறாவது முறை காந்தம் டேப்பிலிருந்து நழுவிவிட்டது.